பெற்றவரை வளர்த்தவராக்கும் கதைகள்: நம் தெய்வங்கள் எவ்வாறு கைமாறுகின்றன?

பாபநாசம் மலையில், காரையாற்றின் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலிருந்து பெருங்கூட்டம் அங்கே திரளும். அக்கோயிலில் பட்டவராயன் என்னும் தெய்வத்திற்கு மக்கள் செலுத்தும் காணிக்கை, வேறெந்தக் கோயிலிலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டிய பொருள்: செருப்பு. தோலால் தைத்த செருப்புகளைக் கொண்டுவந்து சந்நிதியில் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் அவை தேய்ந்திருக்கும், பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டைச் சுற்றி வந்திருப்பார் என்பது நம்பிக்கை.

தோலும் செருப்பும் தீட்டு எனக் கருதும் சமயச் சூழலில் இந்தக் காணிக்கை எப்படி வந்தது? பட்டவராயனின் கதையில் அதற்கு விடை இருக்கிறது. அந்த விடையை மறைப்பதற்கான முயற்சியும் அதே கதையின் இன்னொரு வடிவத்தில் இருக்கிறது. நாட்டார் தெய்வங்களைப் பெருந்தெய்வ மரபு உள்வாங்கிக்கொள்வதைச் சிலர் ‘சமய ஒருமைப்பாடு’ என்கிறார்கள். சிலர் ‘தெய்வத்திற்குக் கிடைத்த உயர்வு’ என்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் அதை வேறொரு பெயரால் அழைக்க விரும்புகிறோம். அது உரிமை மாற்றம். சொத்து கைமாறும்போது முதலில் மூலப்பத்திரம் திருத்தப்படும். தெய்வம் கைமாறும்போது முதலில் பிறப்புக் கதை திருத்தப்படுகிறது.

முத்துப்பட்டன் கதையும் அதன் திருத்தமும்

வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். முத்துப்பட்டன் பார்ப்பனர், ஏழு அண்ணன் தம்பிகளில் இளையவர். காட்டு வழியே வரும்போது பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் கண்டு காதல் கொள்கிறார். அவர்கள் மாடுகளுக்குக் காவல் இருந்த வாலப்பகடையின் மக்கள். இன்று நாம் அருந்ததியர் என்று சொல்லும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பெண் கேட்டு வந்த பார்ப்பனரைக் கண்டு வாலப்பகடை மகிழ்ந்துபோகவில்லை. அவர் நிபந்தனை விதிக்கிறார்: குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிய வேண்டும், தோல் பதப்படுத்தி, செருப்புத் தைத்துச் சந்தையில் விற்றுக் காட்ட வேண்டும், எங்களில் ஒருவனாக வாழ்ந்து காட்டிய பிறகு பெண் கேட்கலாம். அண்ணன்மார் தடுக்கிறார்கள், கல்லறைக்குள் அடைத்துவைக்கிறார்கள். முத்துப்பட்டன் தப்பி வந்து, சொன்னபடியே குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைத்து விற்று, அப்பெண்களை மணக்கிறார். பின்னர் மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டுபோகிறார். மனைவியர் இருவரும் தீப்பாய்கின்றனர். மாண்டவர் பட்டவராயனாகத் தெய்வமாகிறார். சந்நிதியில் தொங்கும் செருப்பு, அவர் தம் கையால் தைத்த செருப்பின் நினைவு.

இந்தக் கதையில் வாலப்பகடைதான் நமக்கு முதன்மையானவர். அவர் இரக்கத்திற்கு ஏங்கி நிற்கவில்லை. பார்ப்பனரைத் தம் அளவுகோலால் சோதிக்கிறார். மேலே ஏறுவதுதான் எல்லோருக்கும் விருப்பம் என்ற கருத்தை இக்கதை தலைகீழாக்குகிறது. மேல்சாதியிலிருந்து ஒருவர் தம் அடையாளத்தைக் களைந்து இறங்கி வந்த பிறகே இங்கே மனிதராக ஏற்கப்படுகிறார்.

1970களின் தொடக்கத்தில் இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இதன் வடிவங்களை ஒப்பிட்டு ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டினார். மற்றொரு வடிவத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் சொந்த மக்கள் அல்லர். அவர்கள் பார்ப்பனக் குடியில் பிறந்து, காட்டில் விடப்பட்டவர்கள். வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தவர் மட்டுமே.

கதையில் மாறியிருப்பது ஒரே ஒரு செய்தி. பெற்றவர் வளர்த்தவராகியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் கதையின் ஒவ்வொரு நிகழ்வும் பொருள் மாறிவிடுகிறது. பெண்கள் பிறப்பால் பார்ப்பனர் என்றால் நடந்தது சாதி மறுப்புத் திருமணமே அல்ல. தெரியாமல் நடந்த தன்சாதித் திருமணம். குடுமியையும் பூணூலையும் அறுத்தது தேவையற்ற செயலாகிறது. அண்ணன்மார் தம்பியை அடைத்துவைத்தது சாதி வெறியின் குற்றம் என்ற நிலையிலிருந்து, உண்மை தெரியாததால் நேர்ந்த தவறு என்ற நிலைக்கு இறங்குகிறது. வாலப்பகடை விதித்த நிபந்தனைக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. பெண் கொடுக்கவோ மறுக்கவோ அவருக்கு இருந்த உரிமை இரவல் உரிமையாகிறது. ஒரு குற்ற வழக்கில் முதல் தகவல் அறிக்கையின் ஒரு சொல்லைத் திருத்தி, வழக்கையே இல்லாமல் ஆக்கும் வேலை இது. நீதிமன்றங்களில் நாம் அன்றாடம் காணும் வேலைதான்.

இது ஒரு கதையோடு நிற்கவில்லை. அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மியை உடன் அழைத்துச் சென்று, மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனைப் பாருங்கள். பரவலாக வழங்கும் கதையில் அவர் காசி அரசனின் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்ட குழந்தை. 1956-இல் வந்த திரைப்படமும் இந்த அரண்மனைப் பிறப்பையே தமிழகம் முழுவதும் கொண்டுசேர்த்தது. பார்ப்பனப் பெண் ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனைப் பாருங்கள். அவர் கயிலாயத்தில் தோன்றி, சாபத்தால் மண்ணுக்கு வந்தவராகச் சொல்லப்படுகிறார். மூன்று தெய்வங்களும் சாதியின் எல்லையைத் தாண்டியதற்காக ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள்; மூவரின் கதையிலும் யாரோ ஒருவரின் பிறப்பு மேலே தூக்கப்படுகிறது; மூன்றிலும் ஒடுக்கப்பட்ட பெற்றோர் வளர்ப்புப் பெற்றோராகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே வகையில், மூன்று கதைகளிலும் விழுந்திருக்கும் திருத்தத்தைத் தற்செயல் என்று ஏற்க நம்மால் இயலவில்லை.

இந்த அளவுகோலை எவரும் எங்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரு நாட்டார் தெய்வத்தின் கதையில் பிறப்புச் செய்தியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைப் படியுங்கள். நீக்கிய பிறகும் கதை குறையின்றி நடந்தால், நீக்கிய பகுதி பின்னாளில் ஒட்டப்பட்டது என்று ஐயுறக் காரணம் இருக்கிறது. நீக்கியதும் கதை முன்னைவிடத் தெளிவாகப் பொருள்பட்டால், அந்த ஐயம் வலுக்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டவராயன் கதையின் ஏட்டைத் திருத்தியவர்களால் செருப்பைத் திருத்த முடியவில்லை. கதை மறந்ததைச் சடங்கு நினைவில் வைத்திருக்கிறது. அதனால்தான் பிறப்புக் கதைக்கு அடுத்து, சடங்கின் மீதும் படையலின் மீதும் கை வைக்கப்படுகிறது.

‘மேல்நோக்கிய பயணம்’ என்ற விளக்கம் எங்கே தவறுகிறது?

கல்லூரிப் பாடங்களில் இந்த மாற்றத்திற்குச் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்று பெயர். எம்.என். சீனிவாஸ் 1952-இல் வெளிவந்த குடகர்களைப் பற்றிய நூலில் அச்சொல்லை நிலைநிறுத்தினார். தாழ்த்தப்பட்ட சாதி ஒன்று மேல்சாதியின் பழக்கங்களையும் சடங்குகளையும் கைக்கொண்டு, ஓரிரு தலைமுறைகளில் படிநிலையில் மேலேற முயல்வது என்பது அதன் சாரம். அவர் கண்ட நிகழ்வு உண்மையானது; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கத்தில் ஏறுபவர் தெரிகிறார். ஏணியை வைத்திருப்பவர் தெரிவதில்லை.

சீனிவாசுக்கு 36 ஆண்டுகள் முன்பே, 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்த அம்பேத்கர், போலச்செய்தல் குறித்துப் பேசியிருந்தார். தன்னை மூடிக்கொண்ட ஒரு வகுப்பைப் பார்த்துப் பிற வகுப்புகளும் தம்மை மூடிக்கொண்டன என்றார். கதவு அடைக்கப்பட்டதால் வெளியே தள்ளப்பட்டவர்களும் உண்டு என்றார். போலச்செய்தலின் விளைவு உயர்வு அல்ல, இன்னும் இறுகிய அடைப்பு என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். அயோத்திதாசப் பண்டிதரோ இன்னொரு திசையில் சென்றார். அம்மன் வழிபாட்டின் வேரைப் பௌத்தத்தில் தேடிய அவர், நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதை நமக்கே அந்நியமாக்கிக் காட்டும் வேலையாகவே பிற்காலக் கதைகளைப் பார்த்தார். அவருடைய வரலாற்று முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ‘இந்தக் கதையை இப்படிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம்?’ என்ற அவருடைய கேள்வி இன்றும் கூர்மையானது.

மக்கள் ஏறும் பயணமும் தெய்வம் ஏறும் பயணமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முனி முனீஸ்வரர் ஆகிறார். சுடலைமாடன் சுடலை ஈஸ்வரன் ஆகிறார். அய்யனார் அரிகரபுத்திரர் ஆகிறார். ஊர் எல்லை அம்மன் பார்வதியின் அம்சமாகிறாள். தெய்வம் மேலே சென்றுவிடுகிறது. அத்தெய்வத்தைப் பெற்று வளர்த்த மக்கள் இருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். பல இடங்களில் முன்பு நின்ற இடத்திலிருந்தும் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

படையலைத் திருத்திய சட்டம்

படையலின் மீது கை வைத்தது தனிமனிதர்கள் மட்டுமல்ல, அரசும்தான். கோயில்களிலும் அவற்றின் வளாகங்களிலும் ஆடு, கோழி முதலியவற்றைப் பலியிடுவதைத் தடை செய்யும் சட்டம் 1950-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் ஏட்டளவில் கிடந்த அச்சட்டத்தை, 2003 ஆகஸ்டில் அன்றைய தமிழக அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. காவல்துறையும் வருவாய்த்துறையும் கிராமக் கோயில்களுக்குச் சென்றன. தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டிப் பொங்கலிட்ட மக்கள் ஒரே ஆணையால் குற்றவாளிகள் ஆனார்கள். ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளும் இடதுசாரிகளும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் எதிர்த்தனர். 2004-இன் தொடக்கத்தில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பாக, ஆணை திரும்பப் பெறப்பட்டது, சட்டமும் நீக்கப்பட்டது.

இந்நிகழ்வில் சட்டத்தின் தரப்பில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. விலங்குகள் மீதான வதையைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டின் மையச் சட்டம், ஒரு சமூகத்தின் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று அதன் 28-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. விலங்கின் துன்பத்தைக் கருதிய சட்டமே விலக்கு அளித்திருக்க, மாநிலச் சட்டம் கொலையைத் தடை செய்யவில்லை. கொலை நடக்கும் இடத்தைத்தான் தடை செய்தது. அதே ஆட்டைக் கோயிலுக்கு வெளியே கசாப்புக் கடையில் வெட்டலாம். அம்மன் முன்னால் வெட்டக் கூடாது. ஆகவே அச்சட்டம் காக்க முயன்றது ஆட்டின் உயிரை அல்ல. கோயில் என்றால் சைவம் என்ற ஒரு பிரிவினரின் தூய்மைக் கருத்தை.

புத்தரின் வழியை ஏற்ற நம் தோழர்கள் பலர் உயிர்ப்பலியைக் கொள்கையாகவே எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பை நாம் மதிக்கிறோம். ஒரு சமூகம் தனக்குள் விவாதித்துப் பலியைக் கைவிடுவது சீர்திருத்தம். ‘உங்கள் உணவு தெய்வத்திற்குத் தகாது’ என்று அரசு காவலரை அனுப்புவது சீர்திருத்தம் அல்ல. ஒரு சாதியின் சமையலறையை எல்லோருக்குமான சட்டமாக்குவது.

‘ஆகமக் கோயில்’ என்ற முத்திரை

கதையும் படையலும் திருத்தப்பட்ட பின் எஞ்சுவது பூசை செய்யும் கை. இங்கேதான் உரிமை மாற்றம் முழுமையடைகிறது. இங்கேதான் இன்றைய வழக்குகள் நடக்கின்றன.

நிகழ்வுகளின் வரிசை ஊருக்கு ஊர் ஒத்திருக்கிறது. மண்ணாலான பீடத்தில் அல்லது வேப்பமரத்தடியில் இருந்த தெய்வத்திற்குக் கட்டடம் கட்ட ஊரார் முடிவு செய்கிறார்கள். வெளியூரில் சம்பாதிப்பவர்கள் பணம் தருகிறார்கள். கட்டடம் முடிந்ததும் குடமுழுக்கு நடத்த வெளியிலிருந்து குருக்கள் வருகிறார். யாகசாலை, வேதமந்திரம், பரிவார தெய்வங்கள், புதிதாக விநாயகர் சந்நிதி எல்லாம் வருகின்றன. குடமுழுக்கு முடிந்ததும், ‘இனி நித்திய பூசை முறைப்படி நடக்க வேண்டும், இல்லையேல் தெய்வக் குற்றம்’ என்று சொல்லப்படுகிறது. பரம்பரையாகப் பூசை செய்த பூசாரி விளக்கேற்றவும் கூட்டிப் பெருக்கவும் மட்டுமே தேவைப்படுகிறார். உடுக்கையும் பம்பையும் வாசலுக்கு வெளியே போகின்றன. மறுபிறப்பு எடுத்த கோயிலுக்கு ‘அருள்மிகு’ என்று தொடங்கும் நீண்ட பெயர் பலகையில் எழுதப்படுகிறது.

இந்த மாற்றத்தின் சட்ட விளைவைப் பலர் உணர்வதில்லை. 1970-இல் தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துத் திருத்தம் கொண்டுவந்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. ஆனால் ஆகமம் விதிக்கும் தகுதியை மீற முடியாது என்ற நிலையையும் விட்டுவைத்தது. 2015 டிசம்பரில் ஆதிசைவ சிவாச்சாரியார்கள் தொடுத்த வழக்கின் தீர்ப்பும் ஆகமத்தை அளவுகோலாக வைத்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். ஓராண்டில், 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பணி விதிகளை ஏற்றுக்கொண்டு, ஆகமக் கோயில்களுக்கு மட்டும் அவை பொருந்தா என்றது. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு ஒன்றும் அமைக்கப் பணித்தது.

இத்தீர்ப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் விளங்குவது இதுதான்: ஆகமக் கோயில் என்ற வகைக்குள் ஒரு கோயில் நுழைந்துவிட்டால், கருவறைக்குள் நுழையும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. எந்த ஆகமமும் அறியாத ஒரு மாரியம்மன் கோயிலில், ஒரு குடமுழுக்கும் இருபது ஆண்டு வேதமந்திரமும் நடந்துவிட்டால், ‘இங்கே தொன்றுதொட்டு ஆகம முறை நிலவுகிறது’ என்று வாதிட வழி பிறக்கிறது. ஊர்ப் பெருமைக்காகப் பணம் கொடுத்தவர்கள், தம் பேரப்பிள்ளைகள் அந்தக் கருவறைக்குள் நுழைய முடியாத நிலைக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

தெய்வம் உள்ளே, மக்கள் வெளியே

பெருந்தெய்வ மரபில் சேர்ந்துவிட்டால் சமத்துவமாவது கிடைக்குமா என்றால், மேல்பாதி அதற்கு விடை சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் அவ்வூரில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலின் தெய்வம் மகாபாரதத்தின் நாயகி. உள்வாங்கலுக்கு இதைவிட நிறைவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரை வைத்தனர். 2024-இல் நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காக மட்டும் திறக்கப்பட்டது. தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட்டது 2025 ஏப்ரலில்தான். திரௌபதி இந்துப் பெருமரபில் சேர நூற்றாண்டுகளுக்கு முன்பே அனுமதி பெற்றுவிட்டாள். அவளை வணங்குவோர் அவள் வாசலைத் தாண்ட இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கே எதிர்த்தரப்பு முன்வைத்த வாதம் நமக்குப் புதிதல்ல: இது எங்கள் சாதியின் கோயில். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 6(20) பிரிவு, இந்துச் சமூகமோ அதன் ஒரு பிரிவோ உரிமையுடன் பொது வழிபாடு செய்யும் இடத்தைக் கோயில் என்கிறது. ‘ஒரு பிரிவு’ என்ற சொல்லைச் சாதி என்று படித்து, அதைக் கேடயமாக்குகிறார்கள். ஆனால் அரசமைப்பின் 25(2)(ஆ) கூறு, பொதுத் தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் சட்டங்களைக் காக்கிறது. 1957-இல் வெங்கடரமண தேவரு வழக்கில், ஒரு பிரிவினருக்குரிய கோயிலாக இருந்தாலும் பொதுமக்களின் நுழைவு உரிமையை முற்றிலும் மறுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது வழிபாட்டு இடத்தில் நுழைவதையும் சமய ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பதைக் குற்றமாக வரையறுக்கிறது.

இரட்டை வேடம் இங்கே வெளிப்படுகிறது. மக்கள்தொகைக் கணக்கிலும் மதமாற்ற எதிர்ப்பு மேடையிலும் எல்லா நாட்டார் தெய்வங்களும் இந்துத் தெய்வங்களே என்கிறார்கள். நுழைவு உரிமை கேட்டால் அதே தெய்வம் ‘எங்கள் குலசாமி’ ஆகிவிடுகிறது. எண்ணிக்கைக்குப் பொது, நுழைவுக்குத் தனி.

பழைமையும் நமக்குப் புகலிடம் அல்ல

இவ்வளவு சொன்ன பிறகு, சமஸ்கிருதம் வருமுன் நம் கோயில்களில் சமத்துவம் நிலவியது என்று சொல்லிவிடும் ஆசை எழும். அது உண்மையல்ல. அம்மன் கொடைகளில் பறையடிப்பதும் எருமை வெட்டுவதும் எச்சத்தை அகற்றுவதும் சாதிவாரியாகச் சுமத்தப்பட்ட ஊழியங்களாகவே பல ஊர்களில் இருந்தன. முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையில் உயிர்கள் போயின. முத்துப்பட்டனின் மனைவியர் தீப்பாய்ந்ததைத் தெய்வச் செயலாகப் போற்றுவதையும் நாம் ஏற்க முடியாது. பழைய சடங்கின் ஊழியத்திலிருந்து தப்பிக்கவே நம் மக்களில் பலர் குடமுழுக்கையும் குருக்களையும் நாடினார்கள். அதை அறியாமை என்று ஏளனம் செய்ய நமக்குத் தகுதி இல்லை. மதிப்பு மறுக்கப்பட்டவர் மதிப்புள்ளதாகக் காட்டப்படும் பொருளை விரும்புவது இயல்பு.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகள் இந்தச் சிக்கலை வேரிலேயே அறுக்கும் வழியைக் காட்டின. அவ்வழியை ஏற்றவர்களுக்கு இக்கட்டுரையின் கேள்வி பெரும்பகுதி முடிந்துபோன கேள்வி. ஆனால் மதுரைவீரனையும் பட்டவராயனையும் இன்றும் வணங்கும் இலட்சக்கணக்கானோர் நம் மக்கள். அவர்களுடைய தெய்வத்தின் வரலாறு யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பது அவர்களின் சிவில் உரிமைச் சிக்கல்.

பதிவேட்டைக் கேளுங்கள்

அறநிலையச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, ஒவ்வொரு சமய நிறுவனத்திற்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. அதில் முதலில் எழுதப்பட வேண்டியது நிறுவனத்தின் தோற்றமும் வரலாறும். கூடவே முன்னாள், இந்நாள் அறங்காவலர்களின் பெயர்களும் அப்பொறுப்பு வழிவழியாகச் செல்லும் வழக்கமும். அதாவது, தெய்வத்தின் கதை பாட்டில் மட்டும் வாழ்வதில்லை; அரசு ஆவணத்திலும் வாழ்கிறது. நாளை பூசாரி உரிமைக்கோ நுழைவுக்கோ வழக்கு வந்தால், நீதிமன்றம் முதலில் கேட்பது அந்த ஆவணத்தைத்தான். கதையைத் திருத்தியவர்கள் இதை அறிந்திருந்தார்களோ இல்லையோ, விளைவு அதுதான்.

ஆகவே நம் ஊரில் உள்ள தெய்வத்தின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுவோம். அதில் தோற்றமும் வரலாறும் என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது, யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்ப்போம். ஊரின் மூத்த பூசாரியும் வில்லுப்பாட்டுக் கலைஞரும் சொல்லும் கதையை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே, நாளும் இடமும் குறித்துப் பதிவு செய்வோம். இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் ஆட்சேபம் கொடுப்போம். குடமுழுக்குப் பேச்சு எழும்போதே, வழிபாட்டு முறையும் பூசாரியின் உரிமையும் மாறாது என்று தீர்மானம் எழுதிக் கையொப்பம் பெறுவோம். முடிந்த பின் எழுப்பும் எதிர்ப்பு, அனுபோகம் என்ற வாதத்தின் முன் வலுவிழந்துவிடும். கோயில் பொதுவானதா, ஒரு சாதிக்குரியதா என்ற தகராறு வந்தால், அறநிலையத் துறையின் இணை அல்லது துணை ஆணையர் முன் 63-ஆவது பிரிவின்கீழ் சமய நிறுவனத்தின் தன்மையை முடிவு செய்யக் கோருவோம்.

பொம்மக்கா, திம்மக்காவின் தந்தை யார் என்ற கேள்வி பழங்கதைக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் பதிவேட்டின் முதல் பத்தியில் அதற்கான விடை எழுதப்படும்போது, வாலப்பகடை பெற்றவரா வளர்த்தவரா என்பதைப் பொறுத்தே அவருடைய வழித்தோன்றல்கள் அக்கோயிலில் உரிமையாளர்களா, வந்துபோகும் பக்தர்களா என்பதும் முடிவாகும்.